துண்டுக்குள் பேசிய காசு

நாராயணம்மாவுக்குக் கனவு காணப் படுக்கை வேண்டாம், இரவு வேண்டாம். கையில் கற்றாழை நார் இருந்தால் போதும். நாரைத் தொடையில் வைத்து உருட்டத் தொடங்கினால் கை அதுபாட்டுக்கு ஓடும். கண்ணுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கண் சும்மா இருக்குமா? குந்தாரப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் பெங்களூர் ரோடு தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாரம்மாவின் இடம். கிழக்குப் பார்த்த சின்ன மனை, அதன் மூலையில் ஒரு மாமரம். காலைப் பனியில் மரத்தின் தலை மட்டும் மேலே மிதக்கும். அதையே பார்த்துக்கொண்டு நாராயணம்மா மூக்கணாங்கயிறு திரிப்பாள்.

அந்த மரத்தடியில் அவள் எத்தனையோ முறை வீடு கட்டியிருக்கிறாள். ஒருநாள் அடுப்படி வடக்கே இருக்கும், இன்னொருநாள் கிழக்கே போய்விடும். ஓட்டுக்கூரை மட்டும் மாறாது. அவள் பிறந்த நாகரசம்பட்டியில் மழை வந்தால் ஓலைக்கூரைக்குக் கீழே பானை வைத்து வைத்தே வளர்ந்தவள். வீடு என்றால் ஓடு, ஓடு என்றால் நிம்மதி. அவ்வளவுதான் அவளுடைய வேதாந்தம்.

மாரம்மாவின் மகன் பெங்களூரில் பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டான். அம்மாவை அழைத்துக்கொள்ள லைன் வீடும் கிடைத்துவிட்டது. அதனால் மாரம்மா மனையை விற்கப் போகிறாள். கேட்டது நூற்றைம்பது ரூபாய். கிருஷ்ணகிரியில் இருந்து ஒரு லாரிக்காரர் டயர்க்கடை போட அதே இடத்தைக் கேட்டு வந்து போயிருந்தார். ஆனாலும் மாரம்மா நாராயணம்மாவிடம் சொல்லியிருந்தாள்:

"வர்ற உகாதி போயி அதுக்கடுத்த உகாதி வரைக்கும் உனக்காக வெச்சிருக்கன். அதுக்குமேல என்னால ஆவாது."

நாராயணம்மா கயிறு விற்ற காசு, புருஷன் தரகில் அவள் பிடுங்கி வைத்த காசு எல்லாம் ஒரு பித்தளைச் செம்பில் சேர்ந்துகொண்டிருந்தது. செம்பு கேழ்வரகுக் குதிருக்குள் புதைந்திருந்தது. பாதிக்கு மேல் சேர்ந்தாயிற்று. மீதியும் சேர்ந்துவிடும். சேராமல் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அந்தக் காரணத்துக்குப் பெயர் கங்கப்பன்.

கங்கப்பன் அவளுடைய புருஷன். மாட்டுத் தரகர். குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவன் கைராசி என்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேர். விற்கிறவன் ஒரு பாஷை, வாங்குகிறவன் ஒரு பாஷை. நடுவில் கங்கப்பன் தோள்துண்டை எடுத்து இருவர் கை மேலும் போடுவான். துண்டுக்குள்ளே விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு. பத்தா நூறா என்பது எதிரே நிற்கிற மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றிலும் ஆயிரம் பேர் நின்றாலும் விலை என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது. பேசி முடித்துக் கையை விட்டுவிட்டால் அப்புறம் பின்வாங்கவும் கூடாது. குடிகாரன் கூட அந்தச் சந்தையில் துண்டுப் பேச்சை மீறியதில்லை.

இப்படி அடுத்தவர் காசைக் கண்ணும் கருத்துமாகப் பேசி முடிக்கிற மனுஷனுக்குச் சொந்தக் காசு என்றால் வெந்நீர் மாதிரி. கையில் நிற்காது. ஒரு ஜோடி மாடு பேசி முடிந்தால், கூட நின்றவர்களுக்கெல்லாம் காபி. ஏழைப்பட்ட குடியானவன் கன்று வாங்கினால் அதன் கழுத்துக்கு இவன் செலவில் ஒரு மணி. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொரி, கடலை மிட்டாய். மழையே பெய்யாத ஒரு வருஷத்தில் பெங்களூர் குடை ஒன்று வாங்கி வந்தவன் அவன். கேட்டால், "வெயிலுக்கும் பிடிக்கலாமே" என்றான். பிடித்தானா என்றால் அதுவும் இல்லை. யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டான்.

அவள்மேல் பிரியம் இல்லாதவன் என்று மட்டும் சொல்ல முடியாது. அதுதான் நாராயணம்மாவுக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவனோ சிரித்துக்கொண்டே வீட்டைக் கரைக்கிறவன்.

ஒரு மாசி மாதக் காலையில் அவள் கேழ்வரகு எடுக்கக் குதிருக்குள் கையை விட்டாள். செம்பு லேசாக வந்தது. உள்ளே பாதிக் காசைக் காணோம். அதே நேரம் வாசலில் பிள்ளைகள் கூச்சல். எட்டிப் பார்த்தால் கங்கப்பன் தலையில் ஒரு பெட்டியும், கையில் தாமரைப்பூ மாதிரி விரிந்த ஒரு தகரக் குழாயுமாக வந்துகொண்டிருந்தான்.

"நாராணி! இங்க வந்து பாரு. பாட்டுப் பெட்டி! மத்திகிரியில ஒரு தொரை வீட்டு சாமான ஏலம் வுட்டாங்க. வெறும் நாப்பது ரூவா!"

கிராமபோன்தான். கூடவே ஒரே ஒரு இசைத்தட்டு. அதுவும் இங்கிலீஷ் பேண்டு. சாவி கொடுத்து ஊசியை வைத்தான். யாருக்கும் புரியாத ஊரில் இருந்து யாருக்கும் புரியாத ஊதல் ஒன்று கிளம்பி வாடகை வீட்டு முற்றமெல்லாம் நிறைந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். ரோட்டில் போன மாட்டு வண்டி கூட நின்றது. கங்கப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரிய சந்தையையே விலை பேசி முடித்தவன் மாதிரி இருந்தான்.

நாராயணம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே போய்க் குதிரின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். மாமரம் பனியில் கரைந்து போய்க்கொண்டிருந்தது. இனி அங்கே டயர்கள் அடுக்கியிருக்கும். கறுப்பாய், வட்டம் வட்டமாய். அவள் அழுதாள்.

அழுகை இரண்டு நாள் ஊறிச் சந்தை நாளன்று வெடித்தது. கயிற்றுக் கூடையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள், எதிரே கங்கப்பன் நாலு பேருக்குக் காபி சொல்வதைப் பார்த்தாள். எழுந்து நேரே போனாள்.

"மாமா! யார் வூட்டுக் காசுல காபி?"

மாடு பார்க்க வந்த கன்னடக்காரர்கள் திரும்பினார்கள். கங்கப்பனின் கூட்டாளித் தரகன் திம்மராயன் கூச்சத்தோடு ஒரு மாட்டின் பல்லைப் பார்க்க ஆரம்பித்தான்.

"வூட்ல பேசலாம், போ" என்றான் கங்கப்பன்.

"வூட்ல எங்க பேசறது? வூட்ல பேண்டு வாத்தியம் இல்ல வாசிக்குது? நான் தொடை தேய நார் திரிச்சது, உன் தொரை பாட்டுக்கா? என் எடம் போச்சு மாமா! எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்!"

கூட்டம் கூடிவிட்டது. கங்கப்பனுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. வாயால் பதில் சொன்னால் சந்தையே கேட்கும். சொல்லாவிட்டாலும் கேவலம். அந்த நேரத்தில் அவன் கை தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. தோள்துண்டை உதறி எடுத்தது, அவள் கையைப் பிடித்தது, மேலே துண்டைப் போட்டு மூடியது.

"பேசு. இதுக்குள்ள பேசு. வெளிய வேணாம்."

சந்தையில் பெண்பிள்ளை கையில் துண்டு விழுந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. திம்மராயன் பல் பார்ப்பதை விட்டுவிட்டான். துண்டுக்குள்ளே இருட்டு. புருஷன் கை சூடாக இருந்தது. நாராயணம்மாவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கத்தவும் முடியவில்லை. விரலால் எப்படிக் கத்துவது?

"உனக்குன்னு சந்தைக்குச் சந்தை எவ்வளவு வேணும்?" என்று வாய்க்குள்ளேயே கேட்டாள். "காபியோ, கண்ணுக்குட்டி மணியோ, என்ன கருமமோ. எவ்வளவு?"

அவன் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். அவள் அவனுடைய ஒரு விரலைப் பிடித்தாள். அவன் நாலு பிடித்தான். அவள் மறுபடியும் அதே ஒரு விரலை, கொஞ்சம் முறுக்கியே பிடித்தாள். "ஐயோ" என்றான். கடைசியில் இரண்டில் வந்து நின்றது. சந்தைக்கு இரண்டு ரூபாய். வீட்டுச் செலவு போக மிச்சத் தரகெல்லாம் செம்புக்கு. இனிமேல் செம்பில் கை போவதென்றால் இருவர் கையும் துண்டுக்குள் வர வேண்டும். ஒத்துக்கொண்டால்தான் எடுக்கலாம்.

"உனக்கு?" என்றான் கங்கப்பன்.

"எனக்கெதுக்கு? எனக்கென்ன செலவு?"

கையை விட்டார்கள். பேச்சு முடிந்தது. அவள் செய்த தப்பு அந்தக் கடைசி வார்த்தையில் இருந்தது. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. சந்தை முடிந்ததும் அவன் தரகுக் காசைக் கொட்டுவான். அவள் இரண்டு ரூபாயை எடுத்து அவன் பக்கம் தள்ளுவாள். அதை அவள் தள்ளுகிற விதம் ஒன்று இருந்தது. கூலி கொடுக்கிற பண்ணைக்காரி மாதிரி. தள்ளிவிட்டுச் சும்மா இருந்தாளா? "போன சந்தை ரெண்டு ரூவா என்னாச்சு?" "அந்தப் பையனுக்கு எதுக்கு மிட்டாய்?" "ஊசிக்கா இத்தனை காசு?" கிராமபோன் ஊசி சீக்கிரம் மழுங்கிவிடும், புதிது போட வேண்டும். அதைக்கூட அவன் தன் இரண்டு ரூபாயில்தான் வாங்கினான். அதற்கும் விசாரணை.

கங்கப்பன் கணக்குச் சொல்லிப் பழகாதவன். முதலில் சிரித்தான், பிறகு முணுமுணுத்தான், பிறகு ஒரு காரியம் செய்தான். ஒன்பது ரூபாய் வந்தால் ஏழு வந்தது என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்டாட்டியிடம் பொய். அந்தப் பொய் அவனுக்கே பிடிக்கவில்லை. ஒளித்த காசில் வாங்கிக் கொடுத்த காபி அவனுக்கே கசந்தது.

அதைத் திம்மராயன் வாய் தவறிச் சொல்லி நாராயணம்மா தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"ஆமா, ஒளிச்சன். ஏன் ஒளிச்சன்னு கேளு. துண்டுக்குள்ள பேசுன வெலைய நீ வெளிய இழுத்து இழுத்துக் கேக்கற. நான் உங்கிட்ட சம்பளம் வாங்கற ஆளா? நீ ஒரு காசு செலவு பண்ணாத சாமியாரு, நான் திருடன். அப்படித்தான் இந்த வூட்ல இருக்குது."

"நான் எனக்குன்னு எதுவும் எடுக்கலையே மாமா!"

"அதான் தப்பு! நீ எடுக்காம இருக்கற வரைக்கும் நான் எடுக்கறது திருட்டு மாதிரிதான் இருக்கும். ஒரு கைப் பேரம் எந்தச் சந்தையிலயும் கெடையாது. கையக் குடு."

அவன் மறுபடி துண்டை விரித்தான். இந்தத் தடவை வாசலில், ரோட்டைப் பார்த்தபடி. அவன் அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தான். உனக்கும் இரண்டு. எனக்கும் இரண்டு. கேள்வி இல்லை. அவனிடம் அவளும் கேட்கக்கூடாது, அவளிடம் அவனும் கேட்கக்கூடாது. வரவு முழுதும் நேராகக் கொட்ட வேண்டும், ஒளிக்கக்கூடாது. நாராயணம்மா கொஞ்ச நேரம் விரலை அசைக்காமல் வைத்திருந்தாள். பிறகு அவனுடைய இரண்டு விரலை அழுத்தினாள்.

அடுத்த சந்தைக்கு அவள் பங்கு இரண்டு ரூபாய் அவள் மடியில் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. புடவை முந்தியில் முடிந்தாள், அவிழ்த்தாள். வளையல்காரன் வந்தபோது பார்த்தாள். கையில் இருக்கிற வளையல் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள். கடைசியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குதிருக்குள் கையை விட்டு இரண்டு ரூபாயையும் செம்பில் போட்டுவிட்டாள். மனசு குளிர்ந்தது. அதற்கடுத்த சந்தைக்கும் அப்படியே செய்தாள்.

கங்கப்பன் அதைப் பார்த்துவிட்டான்.

"பேரத்த ஒடைச்சிட்டே" என்றான். கத்தவில்லை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

"சேத்துதானே வெச்சன்? சேக்கறது தப்பா?"

"சேக்கணும்னா உன் பேர்ல தனியா சேத்து வை, எனக்கென்ன? ஆனா நீ உன் பங்க பொதுவுல ஒளிச்சுப் போட்டா என் பங்கு மறுபடி திருட்டாவுது. ஒரு தடவையாவது உனக்குப் புடிச்சதுக்குச் செலவு பண்ணு நாராணி. என்னான்னு நான் கேக்க மாட்டன். என்ன வேணும்னு உனக்காவது தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. நாரை எடுத்து உருட்டினாள். கண் வழக்கம்போல் மாமரத்துக்குப் போயிற்று, அங்கிருந்து ரோட்டுக்குப் போயிற்று. ரோட்டில் ஓசூர் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் யாரோ ஒரு பெண், தலை சாய்த்து, எதையும் பாராமல் பார்த்துக்கொண்டு போனாள். எத்தனை வருஷமாக இந்த பஸ்ஸைப் பார்த்திருக்கிறாள்! ஏறியதே இல்லை. நாகரசம்பட்டியில் இருந்து கட்டிக்கொண்டு வந்ததும் மாட்டு வண்டியில்தான். ஓசூரில் அவளுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

சந்தை இல்லாத ஒரு நாளில் குளித்து, நல்ல புடவை கட்டி, ரோட்டோரம் நின்று கை காட்டினாள். பஸ் நின்றது. கண்டக்டர், "எங்கம்மா?" என்றார். "கடைசி எங்க நிக்குதோ அங்க" என்றாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்புறம் அவள் வேறு யாரோ ஆகிவிட்டாள். பனிக்குள்ளே பஸ் மெல்ல நீந்தியது. பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, முகம் காட்டி, பின்னால் போயின. கேழ்வரகுத் தாளும் மாந்தோப்பும் ஏரியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடின. யாரோ கன்னடத்தில் பேசினார்கள், யாரோ தெலுங்கில் சிரித்தார்கள். அவளுக்குக் கை சும்மா இருந்தது. நார் இல்லாத கை. அதை மடியில் வைத்துப் பார்த்தபோது வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. எவ்வளவு சின்னக் கை என்று அவளுக்கே பாவமாக இருந்தது. சூளகிரி தாண்டியதும் அவள் ஓட்டு வீட்டையும் மறந்தாள், செம்பையும் மறந்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதை வேறு எப்படிச் சொல்வது?

ஓசூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு காபி ஓட்டல். உள்ளே ஒரு மூலையில் அதே மாதிரித் தகரத் தாமரை வைத்த பாட்டுப் பெட்டி. தனியாக ஒரு பெண் உட்கார்ந்து காபி குடிப்பதை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். துண்டுக்குள் பேசிய காசு. காபி மணத்தோடு பாட்டு வந்தது. வீட்டில் அந்தப் பெட்டி பாடும்போதெல்லாம் நாற்பது ரூபாய்தான் அவள் காதில் விழுந்திருந்தது. இங்கே முதல் தடவையாகப் பாட்டு கேட்டது. கங்கப்பன் அன்றைக்கு ஏன் அப்படி முகமெல்லாம் பூரித்து நின்றான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பாவம், அவன் முகத்துக்கு நேரே அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே.

அவள் திரும்பி வருவதற்குள் திம்மராயன் கங்கப்பனிடம் செய்தி சொல்லியாயிற்று. பெண்டாட்டி பஸ் ஏறிப் போனாளாம். கங்கப்பன் வாசலில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தான். அவள் வந்ததும் வாயைத் திறந்தான். மூடினான். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு கேள்வியை விழுங்க அவன் பட்ட வேதனையை நாராயணம்மா பார்த்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பேரம் நிஜமாக முடிந்தது என்று அவள் பின்னாளில் சொல்வாள்.

அதற்குப்பின் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவள் பஸ் ஏறினாள். அவன் காபி வாங்கிக் கொடுத்தான், கன்றுக்கு மணி கட்டினான். இரண்டு ரூபாய் தீர்ந்துவிட்டால், "அடுத்த சந்தைக்குத்தாண்டா மிட்டாய்" என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே கையை விரித்தான். வீட்டில் சண்டை இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் செம்பும் முன்னைவிட வேகமாகக் கனத்தது. எவ்வளவு போகும் என்று தெரிந்துவிட்டால், மிச்சம் எவ்வளவு நிற்கும் என்பதும் தெரிந்துவிடுகிறதே.

தையில் கோமாரி வந்தது. மாடுகளுக்கு வாயும் குளம்பும் புண்ணாகி, நுரை தள்ளி நின்றன. சர்க்கார் மாட்டுச் சந்தையை நிறுத்திவிட்டது. மாடு வராவிட்டால் தரகு ஏது, கயிறு வாங்க ஆள் ஏது? இருவரும் துண்டை விரித்து மறுபடி பேசினார்கள். வாரத்துக்கு ஆளுக்கு எட்டணா. வரவு குறைந்தால் இருவருக்கும் ஒரே மாதிரிக் குறைய வேண்டும் என்று கங்கப்பனே சொன்னான். நாராயணம்மாவின் பஸ் நின்றது. அவனுடைய காபிக் கூட்டம் கலைந்தது.

உகாதி நெருங்கியது. செம்பைக் கொட்டிப் பார்த்தார்கள். முப்பது ரூபாய் குறைந்தது. லாரிக்காரர் மறுபடி வந்து மாரம்மா வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போனதை நாராயணம்மா பார்த்தாள். நாரைத் திரித்த கை நின்றுவிட்டது.

கங்கப்பன் அவள் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"என் எட்டணாவையும் போட்டுடு. இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம். எடம் வந்தா போதும்."

ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் அவள் சாமிக்குப் பொங்கல் வைத்திருப்பாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ வெட்டிக் கொடுக்கிறவன் முகம்.

"அதுல கை வெக்காதே" என்றாள். "உன் எட்டணாவால அந்த எடம் வந்துடாது. எட்டணா இல்லன்னா நீதான் இல்லாம போயிடுவே. ஒண்ணுமே இல்லாத மனுஷன் நாலு நாள் பொறுப்பான், அஞ்சாம் நாளு செம்பப் பாப்பான். நான் உன்ன அறியாதவளா? அது துண்டுக்குள்ள பேசுனது. நானே கேட்டாலும் குடுக்காதே."

கங்கப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு எழுந்து போய்ப் பாட்டுப் பெட்டியைத் துடைத்தான்.

"இது செம்புக் காசுல வந்தது. என்னுது இல்ல, நம்மளுது. இத பேசலாம் இல்ல?"

அவளுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம். துண்டை அவனே விரித்தான். உள்ளே அவன் அவளுடைய மூன்று விரலைப் பிடித்தான். முப்பது. திம்மராயன் பெட்டியை அந்த விலைக்குக் கேட்டிருக்கிறான். அவள் அந்தக் கையைச் சட்டென்று விடவில்லை, பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் இரண்டு லாரி போயிற்று. பிறகு விட்டாள்.

திம்மராயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். தட்டு வேண்டாம் என்றுவிட்டான். "அந்த தொரை சத்தம் யாருக்கு வேணும் ஸ்வாமி, நான் தெலுங்குத் தட்டு வாங்கிக்கறன்." கங்கப்பன் தட்டைத் துணியில் சுற்றிக் குதிரின் மேல் வைத்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

உகாதிக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் மனை பதிவாயிற்று. மாரம்மா வேப்பம்பூவும் வெல்லமும் நாராயணம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போனாள். மாமரம் பூத்திருந்தது. நாராயணம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு நாள் பனியில் மிதந்த மரத்துக்குச் சொரசொரப்பான பட்டை இருந்தது, எறும்பு ஊர்ந்தது. கங்கப்பன் ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டு, "அடுப்படி இங்க" என்றான். சிரித்தான். ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. அவளுக்கா தெரியாது?

சந்தை மறுபடி கூடியது, பங்கும் இரண்டு ரூபாய்க்கு ஏறியது. நாராயணம்மா இரண்டு சந்தை பொறுத்தாள். மூன்றாம் சந்தை முடிந்த மறுநாள் காலையில், "சட்டையப் போடு மாமா, கெளம்பு" என்றாள்.

"எங்க?"

"என் காசு. கேக்கக்கூடாது."

பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் குன்றுகளையும் ஏரியையும் சின்னப் பையன் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தான். அவள் மடியில் ஒரு துணி மூட்டை. அது என்ன என்று நாலு தடவை பார்த்தான், ஒரு தடவையும் கேட்கவில்லை. ஓசூரில் இறங்கி எதிர் ஓட்டலுக்குள் போனார்கள். ஓட்டல்காரர் அவளைப் பார்த்ததும், "வாம்மா, ரொம்ப நாளாச்சு" என்றார். கங்கப்பன் திகைத்துப் போனான். அவள் இரண்டு காபி சொன்னாள். பிறகு மூட்டையை அவிழ்த்துத் தட்டை எடுத்து ஓட்டல்காரரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இத ஒரு தடவை போடுங்க. எங்க வூட்டுக்காரருக்குப் புடிச்ச பாட்டு."

ஊசி இறங்கியது. முதலில் கரகரவென்று மழை மாதிரிச் சத்தம். அப்புறம் அந்தத் தூரத்து ஊதல், யாருக்கும் புரியாத ஊரில் இருந்து. கங்கப்பன் காபியைத் தொடவில்லை. தோள்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, மேசைக்குக் கீழே, அந்தத் துண்டு அவள் கை மேல் வந்து விழுந்தது. உள்ளே அவன் எந்த விரலையும் எண்ணிப் பிடிக்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டான். பாட்டு முடிகிற வரைக்கும் அவளும் விடவில்லை. முடிந்ததும் இரண்டு காபிக்கும் அவளே காசு கொடுத்தாள்.